மாடலுக்குப் பழக்கிவிடுவதா, தேடி எடுத்துக் கொடுப்பதா?

"எங்க டேட்டாவை வெச்சு ஒரு மாடலை ட்ரெயின் பண்ணித் தர முடியுமா?"

மொழி மாடல்களோடு வேலை செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் ட்ரெயினிங் அல்ல. நிறுவனத்தின் காகிதங்களில் இருக்கும் விஷயத்தை யார் கேட்டாலும் மாடல் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ட்ரெயினிங் தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால் தேவைப்படுகிற இடமும் உண்டு. அங்கே அதைச் செய்யாமல் விட்டால் மாதாமாதம் காசு கரையும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை ஒரே ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்ப் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாற்பது மாடல் பம்புகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் முப்பது பக்க சர்வீஸ் மேனுவல், வாரண்டி விதிகள், அவ்வப்போது வரும் சுற்றறிக்கைகள். இவர்களுக்கு இரண்டு வேலைகள் ஆக வேண்டும். ஒன்று, தோட்டத்தில் கிணற்றடியில் நிற்கும் சர்வீஸ்காரர் போனில் கேட்கும் கேள்விக்கு மேனுவலிலிருந்து பதில் வர வேண்டும். "ஒன்றரை எச்பி சப்மெர்சிபிள், ரன் கெப்பாசிட்டர் என்ன போடணும்?" என்பது மாதிரி. இரண்டு, டீலர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் புகார்களைப் படித்து, எந்த மாடல், என்ன அறிகுறி, எவ்வளவு அவசரம் என்று பிரித்து டிக்கெட் போட வேண்டும். இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே டேட்டாவைப் போலத் தெரியும். ஆனால் முதல் வேலைக்கு வேண்டிய மருந்து வேறு, இரண்டாவதற்கு வேறு.

முதலில் ஃபைன்-ட்யூனிங்கில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலுக்கு நம் கேள்வி-பதில் ஜோடிகளைக் காட்டி, உள்ளே இருக்கும் எடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறோம். 800 கோடி எடைகள் கொண்ட மாடலை முழுக்க நகர்த்த வேண்டுமானால் வழக்கமான முறையில் ஓர் எடைக்குச் சுமார் 16 பைட் வீதம் 128 ஜிபி ஜிபியு மெமரி வேண்டும். 2021-ல் மைக்ரோசாஃப்ட் ஆட்கள் வெளியிட்ட லோரா முறை இந்தச் செலவை அடியோடு குறைத்தது. 4096-க்கு 4096 அளவுள்ள ஓர் எடை அணியில் 1,67,77,216 எண்கள் இருக்கும். லோரா அவற்றைத் தொடுவதில்லை. பக்கத்தில் இரண்டு ஒல்லியான அணிகளை வைத்து அவற்றை மட்டும் பயிற்றுகிறது. ரேங்க் 8 என்று வைத்தால் அங்கே இருப்பது 65,536 எண்கள், அதாவது 256-ல் ஒரு பங்கு. 2023-ல் வந்த கியூலோரா, அடி மாடலை எடைக்கு 4 பிட் என்று சுருக்கி வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்கிறது. அதனால் 800 கோடி எடை மாடலை 24 ஜிபி கார்டு ஒன்றிலேயே பயிற்றிவிடலாம். சில ஆயிரம் சின்ன உதாரணங்கள் என்றால் சில மணி நேர வேலைதான்.

இந்தச் சில மணி நேரக் கணக்குதான் பலரையும் இழுக்கிறது. ட்ரெயினிங் இவ்வளவு மலிவாகிவிட்டதே, மேனுவல் முழுவதையும் மாடலுக்குள் ஏற்றிவிட்டால் என்ன?

ஏற்றலாம், ஆனால் நிற்காது. மாடலின் எடைகளில் தகவல் ஒரு வரிசையில் ஒரு கட்டத்தில் உட்காருவதில்லை. கோடிக்கணக்கான எண்களில் பரவிக் கிடக்கிறது. "வாரண்டி 12 மாதம்" என்று ஒரே ஒரு தடவை எழுதியிருந்தால் அது அநேகமாகப் பதியாது. அதே விஷயத்தைப் பத்து விதமாக மாற்றி எழுதிக் காட்டினால்தான் கொஞ்சமாவது பதியும். 2023-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஃபைன்-ட்யூனிங்கையும் ரிட்ரீவலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது இது தெளிவாகவே தெரிந்தது. புதிய தகவலைச் சொல்லவைப்பதில் ரிட்ரீவல்தான் முன்னால் நின்றது. 2024-ல் கெக்மன் குழுவினர் காட்டியது இன்னும் கவலை தரும் விஷயம். மாடலுக்கு முன்பே தெரியாத தகவல்களை ஃபைன்-ட்யூனிங்கில் கொடுத்தால், அவற்றை அது மெதுவாகத்தான் கற்கிறது. அப்படிக் கற்கக் கற்க, ஏற்கெனவே தெரிந்த விஷயங்களிலும் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் போக்கு கூடுகிறது. காரணத்தை ஊகிக்கலாம். தன்னிடம் இல்லாத ஒன்றுக்குத் திடமான பதில் சொல்ல அதைத் திரும்பத் திரும்பப் பழக்கியிருக்கிறோம். பழகியதை அது எல்லா இடத்திலும் செய்கிறது.

பம்ப் கம்பெனியில் இதை வைத்துப் பாருங்கள். அடுத்த ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்து வாரண்டி 18 மாதமாகிறது. எடைகளுக்குள் போய் 12-ஐ அழிக்க நம்பகமான வழியில்லை. மறுபடி ட்ரெயின் செய்தாலும் சில கேள்விகளுக்கு 18, வேறு மாதிரி கேட்டால் 12 என்று பதில் வரும். எந்தச் சுற்றறிக்கையைப் பார்த்து இதைச் சொன்னாய் என்று கேட்டால் அதனிடம் காட்ட எதுவும் இல்லை. தேடி எடுத்துக் கொடுக்கும் முறையில் பழைய ஃபைலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும், அடுத்த நிமிடமே பதில் மாறிவிடும். கூடவே எந்தப் பக்கம் என்றும் காட்டும். மாறுகிற எந்தத் தகவலுக்கும், ஆதாரம் காட்ட வேண்டிய எந்தப் பதிலுக்கும் நான் ரிட்ரீவலைத்தான் சொல்வேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிட்ரீவலின் அடிப்படை எளிது. ஃபேஸ்புக் ஆய்வகத்தின் பேட்ரிக் லூயிஸ் குழு 2020-ல் ஆர்ஏஜி என்று இதற்குப் பெயர் வைத்தது. கேள்வி வந்ததும் அதற்குப் பொருத்தமான துண்டுகளை ஆவணக் குவியலிலிருந்து தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து மாடலிடம் கொடுக்கிறோம். நம் கம்பெனியிடம் 1,200 பக்க மேனுவல் இருக்கிறது. பக்கத்துக்கு 500 டோக்கன் என்றால் 6 லட்சம் டோக்கன். ஒவ்வொரு கேள்விக்கும் இவ்வளவையும் அனுப்பக் கட்டுபடியாகாது, அதனால் தேடல் வேண்டும். ஆனால் வாரண்டி விதிகள் மொத்தமே 20 பக்கம்தான் என்றால் அதற்குத் தேடலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 10,000 டோக்கனை அப்படியே ப்ராம்ப்ட்டில் வைத்துவிடலாம். இதைச் செய்து பார்க்காமலேயே வெக்டர் டேட்டாபேஸ் வாங்கப் போகிறவர்கள் நிறைய.

மேனுவலில் தேடல் எங்கே உடைகிறது என்பதை ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும். கெப்பாசிட்டர் கேள்விக்கு நம் தேடல் எடுத்துக் கொடுத்த துண்டு இது:

```
1.0 | 36 | 100-120 | 8
1.5 | 50 | 120-150 | 12
2.0 | 72 | 150-200 | 16
```

சரியான அட்டவணைதான், விடையும் உள்ளே இருக்கிறது. ஆனால் 400 டோக்கனுக்கு ஒரு துண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டியதில் தலைப்பு வரி முந்தைய துண்டோடு போய்விட்டது. எது ரன், எது ஸ்டார்ட், எது ஆம்பியர், இது எந்தப் பம்ப் மாடலின் அட்டவணை, ஒன்றும் தெரியாது. மாடல் 120-150 என்று ஸ்டார்ட் கெப்பாசிட்டர் அளவை எடுத்து ரன் கெப்பாசிட்டர் என்று சொல்லிவிடும். கேட்ட சர்வீஸ்காரர் அதையே மாட்டினால் வைண்டிங் சூடாகும். இதைப் பார்ப்பவர் உடனே "மாடலுக்கு பம்ப் பற்றித் தெரியவில்லை, ட்ரெயின் பண்ணணும்" என்பார். மாடல் மேல் குற்றமில்லை. அட்டவணையை உடைக்காமல் வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் மாடல் எண்ணையும் அத்தியாயத் தலைப்பையும் எழுதி வைத்தால் போதும்.

குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. தவறான பதில்கள் நூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் விடை இருக்கும் பக்கத்தை நீங்களே கையால் தேடி எடுத்து, ப்ராம்ப்ட்டில் ஒட்டி, மறுபடி கேளுங்கள். இப்போது சரியாகச் சொன்னால் கோளாறு தேடலில். பக்கத்தைக் கண் முன்னால் வைத்த பிறகும் தவறாகச் சொன்னால்தான் கோளாறு மாடலில். ஒரு நாள் வேலை இது. இதைச் செய்யாமல் ஃபைன்-ட்யூனிங்குக்குப் பணம் ஒதுக்குவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத காரியம், ஏனென்றால் மேனுவலும் கேள்வியுமான இந்த மாதிரி வேலைகளில் குற்றம் பெரும்பாலும் தேடல் பக்கம்தான் இருக்கும். அதே நூறு கேள்விகளை வைத்து, சரியான பக்கம் தேடலின் முதல் ஐந்தில் எத்தனை தடவை வந்தது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். நூற்றுக்கு அறுபது என்றால், மாடலை என்ன செய்தாலும் மீதி நாற்பதில் அது ஊகம்தான் சொல்லும்.

தமிழில் கேள்வி வருகிற இடங்களில் இந்த எண் சட்டென்று விழும். அதற்கென்று சில காரணங்கள் உண்டு, ஆங்கில வழிகாட்டிகளில் அவை இருக்காது. சொல்லைச் சொல்லோடு பொருத்தும் பிஎம்25 தேடலுக்கு மோட்டார், மோட்டாரில், மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து எல்லாம் வெவ்வேறு சொற்கள். விகுதியை வெட்டாமல் விட்டால் எதுவும் எதோடும் பொருந்தாது. அடுத்தது யூனிகோடு. "கொ" என்ற எழுத்தின் குறியை U+0BCA என்று ஒரே குறியீடாகவும் எழுதலாம், U+0BC6, U+0BBE என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஆவணம் ஒரு விதம், கேள்வி இன்னொரு விதம் என்றால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். இரண்டு பக்கமும் இதைச் செய்துவிட்டால் தீர்ந்தது:

```python
import unicodedata
text = unicodedata.normalize("NFC", text)
```

மேனுவல் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் என்றால் வேறு கதை. உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பைதான் இருக்கும், முதலில் அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

பொருளை வைத்துத் தேடும் எம்பெடிங் முறை விகுதிச் சிக்கலை ஓரளவு தாண்டிவிடும். "தண்ணி ஏறல" என்ற கேள்விக்கு "நீர் வெளியேற்றம் இல்லை" என்ற பக்கத்தைக் கொண்டுவரும். ஆனால் அதற்கு `V4-150`-ம் `V4-105`-ம் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். பிஎம்25-க்கு அந்தக் குழப்பம் இல்லை. அதனால் இரண்டையும் ஓட்டி முடிவுகளைக் கலப்பதும், மாடல் எண் தெரிந்தால் முதலில் அந்த மேனுவலுக்குள் மட்டும் தேடுவதும் நல்லது. இதையெல்லாம் செய்த பிறகும் வயல்காட்டுப் பேச்சுக்கும் மேனுவல் மொழிக்கும் இடையே தூரம் இருந்தால், ஃபைன்-ட்யூன் செய்ய ஓர் இடம் இருக்கிறது: பதில் சொல்லும் பெரிய மாடல் அல்ல, தேடும் சின்ன எம்பெடிங் மாடல். கேள்வி, அதற்குரிய பக்கம் என்று ஓரிரு ஆயிரம் ஜோடிகள் இருந்தால் போதும். ஒவ்வொரு பதிலும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, சர்வீஸ்காரர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று பதிவு செய்து வந்தால் இந்த ஜோடிகள் தானாகவே சேர்ந்துவிடும். செலவுக்குப் பலன் தருவதில் இதை மிஞ்சும் ஃபைன்-ட்யூனிங் குறைவு. ஆனாலும் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இனி இரண்டாவது வேலை. டீலரின் வாட்ஸப் புகாரிலிருந்து டிக்கெட். இங்கே தேட ஒன்றுமில்லை. தேவையான எல்லாமும் அந்தப் புகாருக்குள்ளேயே இருக்கிறது. வேண்டியது ஒரு பழக்கம்: எப்படி எழுதியிருந்தாலும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுப்பது. ஃபைன்-ட்யூனிங் தன் பலத்தைக் காட்டுவது இங்கேதான். ட்ரெயினிங் ஃபைலில் ஓர் உதாரணம் இப்படி இருக்கும்:

```json
{"messages":[
 {"role":"user","content":"sir V4-150 motor oduthu aana thanni varala, 2 naala vivasayi kathutrar"},
 {"role":"assistant","content":"{\"model\":\"V4-150\",\"symptom\":\"NO_DISCHARGE\",\"priority\":\"HIGH\"}"}
]}
```

இதை ஃபைன்-ட்யூனிங் இல்லாமலும் செய்யலாம். அறுபது அறிகுறிக் குறியீடுகள், அவற்றின் விளக்கம், இருபது உதாரணங்கள் என்று 3,000 டோக்கன் ப்ராம்ப்ட் எழுதி ஒரு பெரிய மாடலிடம் கொடுத்தால் நன்றாகவே செய்யும். அப்படித்தான் தொடங்கவும் வேண்டும். கேள்வி, எந்தக் கட்டத்தில் அதை விட்டு நகர்வது என்பதுதான்.

கணக்கைப் போடுவோம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை, அதனால் நான் வைக்கும் ரூபாய் எண்களை உதாரணமாக எடுத்துக்கொண்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 400 புகார் வருகிறது. ஒவ்வொன்றோடும் 3,000 டோக்கன் ப்ராம்ப்ட் போகிறது. நாளுக்கு 12 லட்சம், மாதத்துக்கு 3.6 கோடி டோக்கன். பெரிய மாடலுக்கு 10 லட்சம் டோக்கன் 250 ரூபாய் என்றால் மாதம் 9,000 ரூபாய். புகாரும் பதிலும் சின்னவை, இரண்டு வழியிலும் உண்டு என்பதால் விட்டுவிடுகிறேன். மறுபக்கம், ஃபைன்-ட்யூன் செய்த சின்ன மாடலுக்கு அந்த 3,000 டோக்கன் தேவையில்லை, பழக்கம் எடைகளுக்குள் போய்விட்டது. ஆனால் அதை ஓட்ட வாடகை ஜிபியு வேண்டும். மணிக்கு 50 ரூபாய் வீதம் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் மாதம் 36,000. நாளுக்கு 400 புகாருக்கு இது வீண் செலவு. இரண்டும் சமமாவது நாளுக்கு 1,600 புகாரில். 4,000 வந்தால் பெரிய மாடலின் செலவு 90,000 ஆகிவிடும், அங்கே ஃபைன்-ட்யூனிங் மாதம் பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கும்.

இந்தக் கணக்கைப் புரட்டிப்போடும் விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, ப்ராம்ப்ட் கேஷிங். ஒவ்வொரு தடவையும் மாறாமல் வரும் முன்பகுதிக்குப் பல நிறுவனங்கள் குறைந்த விலைதான் போடுகின்றன. அந்த 3,000 டோக்கனுக்குப் பத்தில் ஒரு பங்கு விலை என்றால் சமமாகும் புள்ளி 1,600-லிருந்து 16,000-க்கு ஓடிவிடும். இரண்டாவது எதிர்த்திசையில் இழுப்பது. டிக்கெட் உடனே வேண்டியதில்லை, மணிக்கொருமுறை மொத்தமாகப் போட்டால் போதும் என்றால் ஜிபியுவை நாளெல்லாம் வாடகைக்கு வைக்க வேண்டாம். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 3,000 ரூபாய்தான், 400 புகாருக்கே கட்டுபடியாகும். மாடலைத் தொடும் முன் கம்பெனியிடம் "டிக்கெட் எவ்வளவு நேரத்தில் வேண்டும்" என்று கேட்பது ஆயிரக்கணக்கான ரூபாய்க் கேள்வி.

தமிழ் எழுத்திலேயே புகார் வந்தால் டோக்கன் கணக்கு இன்னும் கவனிக்க வேண்டியது. ஓபன்ஏஐ 2024-ல் ஜிபிடி-4ஓ-வை வெளியிட்டபோது, ஒரே தமிழ் வாசகம் முன்பு 116 டோக்கன் எடுத்தது, புதிய டோக்கனைசரில் 35 ஆனது என்று காட்டியது. எந்த மாடல் என்பதைப் பொறுத்து நம் செலவு மூன்று மடங்கு மாறலாம் என்று அர்த்தம். ஃபைன்-ட்யூன் செய்ய நாம் எடுக்கும் திறந்த சின்ன மாடல் தமிழை எழுத்தெழுத்தாக உடைக்கிறதா என்று நூறு புகார்களை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உடைத்தால் வேகமும் குறையும், கற்பதும் கடினமாகும்.

ஆனால் உண்மையான செலவு ஜிபியுவில் இல்லை, உதாரணங்களில் இருக்கிறது. 1,500 புகார்களுக்குச் சரியான குறியீடு போட, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் 50 மணி நேரம். அதுவும் அனுபவமுள்ள சர்வீஸ் சூப்பர்வைசரின் 50 மணி நேரம். "எங்களிடம் ஐந்து வருட டிக்கெட் இருக்கிறதே, அதையே போடலாமே" என்று கம்பெனி சொல்லும். இங்கேதான் ஒரு குழி இருக்கிறது, பலரும் விழுவது இதில்தான். பழைய டிக்கெட்டில் இருக்கும் குறியீடு, பம்பைக் கிணற்றிலிருந்து தூக்கி, பிரித்துப் பார்த்த பிறகு எழுதியது: இம்பெல்லர் தேய்மானம், கேபிள் ஜாயிண்ட் ஷார்ட் என்று. டீலரின் புகாரில் இருப்பதோ "தண்ணி வரல" மட்டும்தான். இந்த இரண்டையும் ஜோடி சேர்த்து ட்ரெயின் செய்தால், புகாரில் இல்லாத காரணத்தை ஊகித்துச் சொல்ல மாடலுக்கு நாமே கற்றுத்தருகிறோம். அது அழகான ஜேசானில், தயக்கமே இல்லாமல், தப்பாகச் சொல்லும். புகாரை மட்டும் படித்த ஒருவர் என்ன குறியீடு போடுவாரோ அதைத்தான் விடையாக வைக்க வேண்டும். மாடல் எண் சொல்லாத புகார்களும் ட்ரெயினிங்கில் கணிசமாக இருக்க வேண்டும், அவற்றுக்கு விடை `null`. இல்லாவிட்டால் மாடல் எப்போதும் ஏதாவது ஒரு எண்ணை நிரப்பிவிடும், அநேகமாக அதிகம் விற்கும் பம்பின் எண்ணை.

இந்தக் கோளாறு மொத்த மதிப்பெண்ணில் தெரியாது. 92 சதவீதம் சரி என்று வரும். குறியீடு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் அடிக்கடி வரும் நான்கைந்து குறியீடுகள் அந்த மதிப்பெண்ணைத் தூக்கிப் பிடிப்பதும், அரிதான குறியீடுகளில் மாடல் கைவிடுவதும் தெரியும். பாடியில் ஷாக் அடிக்கிறது என்ற புகார் அரிதாகத்தான் வரும். ஆனால் தவறவே விடக்கூடாத புகார் அதுதான். அதை மாடலிடம் விடாமல், ஷாக், கரண்ட் அடிக்குது போன்ற சொற்கள் வந்தாலே ஆளிடம் போகும்படி தனியே ஒரு விதி எழுதி வைப்பேன்.

ஃபைன்-ட்யூனிங் பட்ஜெட்டில் எழுத மறக்கும் இன்னொரு செலவு, திரும்பச் செய்வது. கம்பெனி ஆறு புதிய அறிகுறிக் குறியீடுகள் சேர்த்தால் ப்ராம்ப்ட் முறையில் ஆறு வரி, ஃபைன்-ட்யூனிங்கில் புதிய உதாரணங்களும் மறுபடி ஒரு ட்ரெயினிங்கும் சோதனையும். ஒரு நிறுவனத்தின் சர்வரிலேயே ஃபைன்-ட்யூன் செய்திருந்தால், அவர்கள் அந்த அடி மாடலை நிறுத்தும் நாளில் உங்கள் மாடலும் போய்விடும். எடைகளைப் பெரும்பாலும் கையில் எடுத்து வர முடியாது. கையில் மிஞ்சுவது உதாரணங்களும் சோதனைக் கேள்விகளும்தான். அவற்றை ஒழுங்காகத் தேதியிட்டு வைத்திருந்தால் புதிய அடி மாடலில் ஒரு வாரத்தில் எழுந்துவிடலாம்.

ஆகவே இந்தப் பம்ப் கம்பெனி என்னிடம் வந்தால் வரிசை இதுதான். மேனுவல் கேள்விகளுக்குத் தேடல், அட்டவணை உடையாத துண்டுகள், மாடல் எண் வடிகட்டி, வாரண்டி விதிகள் முழுசாக ப்ராம்ப்ட்டில். டிக்கெட் வேலைக்கு நீண்ட ப்ராம்ப்ட்டோடு பெரிய மாடல். அதன் வெளியீட்டை சூப்பர்வைசர் திருத்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு ட்ரெயினிங் உதாரணம் சேர்கிறது, தனியாக 50 மணி நேரம் கேட்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் டிக்கெட் பில்லையும் புகார் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வேன். பில் ஜிபியு வாடகையைத் தாண்டும் மாதத்தில் திருத்திய உதாரணங்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தால், அந்த மாதம் ஃபைன்-ட்யூனிங்கைத் தொடங்கலாம்.